3 கிலோவாட் சோலார் ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் எந்த வரியை மாற்றச் சொல்வது?

தென்வாசல்

வணக்கம். மொட்டை மாடியில் சோலார் போட பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் பதிவு செய்தாயிற்று. நிறுவனம் திட்டத்தின் பதிவுப் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் அனுப்பிய ஒப்பந்தம் மொத்தமே ஒன்றரைப் பக்கம். விலை, வரி, முகவரியை விட்டுவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இந்த நாலு வரிதான்:

> 1. 3 கிலோவாட் திறன் உத்தரவாதத்துடன் நிறுவித் தரப்படும். தினமும் 15 யூனிட் கிடைக்கும்.
> 2. பேனல்களுக்கு 25 வருட வாரண்டி.
> 3. அரசு மானியம் பெற்றுத் தரப்படும்.
> 4. 5 வருடம் இலவச சர்வீஸ்.

கொட்டேஷனில் 545 வாட் பேனல் 6, ஒரு ஃபேஸ் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் என்று இருக்கிறது. விலை பேசி முடித்தாகிவிட்டது, அதைப் பற்றிக் கேட்கவில்லை. நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால் இந்த நாலு வரியில் எது நிற்கும், எது நிற்காது? எதை எப்படி மாற்றி எழுதச் சொல்வது?

---

பகல்மின்

நாலுமே நிற்காது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் மாற்றி எழுத முடியும். முதல் வரியை எடுத்துக்கொள்வோம்.

அதில் "திறன்" என்பது எது? உங்கள் கொட்டேஷனிலேயே இரண்டு திறன் இருக்கிறது. பேனல் பக்கம் 6 × 545 = 3,270 வாட். இன்வெர்ட்டர் பக்கம் 3,000 வாட். பேனலை இன்வெர்ட்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவது தவறில்லை, நல்ல வழக்கம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் வெறும் "3 கிலோவாட்" என்று இருந்தால், நாளைக்கு 5 பேனல் (2,725 வாட்) போட்டுவிட்டு "இன்வெர்ட்டர் 3 கிலோவாட் போட்டிருக்கிறோமே" என்று சொல்ல இடமிருக்கிறது.

மானியமும் இதில்தான் மாட்டும். பேனல் மொத்தம், இன்வெர்ட்டர் இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் மானியம் கணக்காகும். வீட்டு இணைப்புக்கு முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக உச்சம் 78,000 ரூபாய். 5 பேனலோடு நிறுத்தினால் மூன்றாவது கிலோவாட் முழுசாக வராது.

ஆகவே திறன் வரி இப்படி இருக்க வேண்டும்: பேனல் தயாரிப்பாளர் பெயர், மாடல், ஒன்றின் வாட், எண்ணிக்கை, மொத்த வாட். இன்வெர்ட்டர் தயாரிப்பாளர், மாடல், வெளியீட்டு வாட். "அல்லது அதற்கு இணையான" என்ற சொல் எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள். இணையானதா இல்லையா என்று யார் முடிவு செய்வது என்று எழுதாத வரை அது நிறுவனத்துக்குக் கொடுத்த வெற்றுக் காசோலை.

---

ஐந்தாம்வேலி

பேசாமல் இன்வெர்ட்டரை 5 கிலோவாட்டாகப் போடச் சொல்லுங்க. பின்னாடி பேனல் சேர்த்துக்கலாம், மானியமும் ஏறும். 25 வருஷ வாரண்டி இருக்கிறப்ப பேனலைப் பற்றி ஏன் கவலை?

---

பகல்மின்

ஐந்தாம்வேலி சார், பின்னாடி விரிவாக்கலாம் என்பது சரி. மானியம் ஏறாது. பேனல் 3.27, இன்வெர்ட்டர் 5 என்றால் குறைவானது 3.27. அதிலும் 3 கிலோவாட்டுக்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏறாது. அப்புறம், உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்க்காமல் பெரிய இன்வெர்ட்டருக்கு விண்ணப்பித்தால் மின்வாரியத்தில் அது தனி வேலையாகப் போய் நிற்கலாம்.

25 வருஷ வாரண்டி பற்றி அப்புறம் சொல்கிறேன்.

---

புதுமாடி

எங்கள் வீட்டிலும் 6 பேனல், 3.27 கிலோவாட்தான். உச்சி வெயிலில் ஆப்பில் பார்த்தால் 2.5 கிலோவாட்டுக்கு மேல் காட்டியதே இல்லை. திறன் உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள். இதை எப்படி நிரூபிப்பது?

---

கூரைவேலை

நான் போடுகிற பக்கத்து ஆள். மேடம், 2.5 வந்தால் அது நல்லா ஓடுதுன்னு அர்த்தம். பேனல் பின்னாடி ஒட்டியிருக்கிற 545 என்பது ஆய்வகக் கணக்கு: ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், செல் 25 டிகிரி. நம்ம மாடியில் மத்தியானம் செல் 60 டிகிரி போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். 35 டிகிரி கூடுதல்னா 12 சதவீதம் போச்சு, 3.27 வந்து 2.87 ஆச்சு. வெளிச்சம் 1,000க்குப் பதில் 900 இருந்தால் 2.58. தூசி, கேபிள், இன்வெர்ட்டர் மூணும் சேர்ந்து இன்னொரு 4 சதவீதம். 2.5 வந்து நிக்கும். மேகம் விலகின சமயம், குளிர்ந்த காற்று அடிக்கிற நேரம் மட்டும் ரெண்டு நிமிஷம் 3ஐத் தொடும்.

---

பகல்மின்

கூரைவேலை சொன்னது சரியான கணக்கு. அதனால்தான் "திறன் உத்தரவாதம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. உத்தரவாதம் வாங்க வேண்டியது உற்பத்திக்கு. அதை எழுத இரண்டு வழி உண்டு.

ஒன்று பி.ஆர். அதாவது வந்து விழுந்த வெளிச்சத்துக்கு எவ்வளவு மின்சாரம் கிடைத்திருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்ற விகிதம்.

```
பி.ஆர். = யூனிட் ÷ (பேனல் கிலோவாட் × கதிர்வீச்சு)
13.5 ÷ (3.27 × 5.5) = 0.75
```

5.5 என்பது அன்றைக்குப் பேனல் சாய்வில் ஒரு சதுர மீட்டரில் விழுந்த கதிர்வீச்சு, கிலோவாட் மணி அளவில். அப்படிப்பட்ட நாளில் 13.5 யூனிட் வந்தால் 75 சதவீதம்.

இந்த 75ஐ நானாகச் சொல்லவில்லை. திட்டத்தில் நுகர்வோருக்கும் நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. இயக்கிவைக்கும் நாளில் பி.ஆர். 75 சதவீதம் இருக்க வேண்டும், 5 வருடமும் அதைக் காப்பாற்ற வேண்டும், சோதனைக்கு அளவுத்திருத்தச் சான்றுள்ள கதிர்வீச்சு உணரியை நிறுவனம் கொண்டுவந்து காட்டிவிட்டு எடுத்துப்போகலாம் என்று அதில் இருக்கிறது. தென்வாசல், உங்களிடம் வந்த ஒன்றரைப் பக்கம் அந்த மாதிரி அல்ல. முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்: மாதிரி ஒப்பந்தத்தை ஏன் பயன்படுத்தவில்லை? அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூடுதலாக வேண்டியதை இணைப்பாகச் சேர்ப்பதுதான் சுலபமான வழி.

---

கூரைவேலை

பகல்மின் சார் சொல்றது காகிதத்தில் சரி. வீட்டு வேலைக்கு உணரி கொண்டுவந்து பி.ஆர். அளந்து காட்டுற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. அதுவும் 5 வருஷம் காப்பாத்தணும்னா, மூணாவது வருஷம் யார் வந்து அளக்கிறது? எதிரே ரெண்டு மாடி எழும்பி நிழல் விழுந்தா அதுக்கும் நாங்களா பொறுப்பு? வீட்டுக்காரருக்குப் புரியற கணக்கு வருஷத்துக்கு இத்தனை யூனிட், அவ்வளவுதான்.

---

வரிக்குவரி

நான் பொறியாளர் அல்ல, ஒப்பந்தம் எழுதுவது தொழில். இந்த இடத்தில் கூரைவேலை பக்கம் நிற்கிறேன். சாதாரணக் குடும்பம் தானே சரிபார்க்கக்கூடிய எண்ணே ஒப்பந்தத்தில் பயன்படும் எண். ஆண்டு யூனிட் எண்ணை இன்வெர்ட்டர் திரையிலேயே படித்துவிடலாம். ஆனால் அந்த எண்ணை எழுதும்போது கூடவே நாலு விஷயம் எழுதாவிட்டால் அதுவும் பயனில்லை.

எங்கே அளப்பது: இன்வெர்ட்டரின் மொத்த உற்பத்தி எண்ணா, தனி உற்பத்தி மீட்டரா? நெட் மீட்டரில் தெரியும் ஏற்றுமதி எண்ணை வைத்து அளக்கவே கூடாது, ஏனென்றால் பகலில் வீடு எடுத்துக்கொண்டது அதில் வராது. எந்த நாளிலிருந்து: நெட் மீட்டர் இணைத்து இயக்கிவைத்த தேதியிலிருந்து 12 மாதம். எதைக் கழிப்பது: மின்வாரியம் தரும் கரண்ட் இல்லாத மணிநேரம், ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த நிழல், வீட்டுக்காரர் செய்யவேண்டிய துடைப்பைச் செய்யாமல் விட்டது. குறைந்தால் என்ன: குறைந்த யூனிட் × அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய உச்ச அடுக்குக் கட்டணம், 30 நாளில் பணமாக. கடைசியில் சொன்ன இழப்பீட்டைத்தான் யாரும் எழுதுவதில்லை. அது இல்லாத உத்தரவாதம் விளம்பர வாசகம்.

இழப்பீடு கேட்க ஒரு கெடுவும் வைப்பார்கள். ஆண்டு முடிந்து 15 நாள் என்று போட்டால் 60 என்று திருத்துங்கள்.

---

தென்வாசல்

மிக்க நன்றி. அப்படியென்றால் "தினமும் 15 யூனிட்" என்பதை 15 × 365 என்று ஆண்டுக் கணக்காக எழுதச் சொல்லலாமா?

---

பகல்மின்

எழுதச் சொன்னால் ஓடிவிடுவார்கள், அல்லது மனசாட்சி இல்லாமல் எழுதித் தருவார்கள். 15 × 365 = 5,475. அதை 3.27ஆல் வகுத்தால் கிலோவாட்டுக்கு 1,674. நம் பக்கத்தில் நிழலில்லாத, தெற்கு பார்த்த, சரியான சாய்வுள்ள மாடியில் கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,350 முதல் 1,450 யூனிட் எதிர்பார்ப்பது நியாயம். உங்களுக்கு அது 4,400 முதல் 4,700 வரை. 15 என்பது ஒரு நல்ல மார்ச் நாளின் எண், நவம்பர் மழையில் 4க்குக் கீழேயும் போகும்.

நான் எழுதச் சொல்வது: முதல் ஆண்டு 4,300 யூனிட், பிறகு ஆண்டுக்கு 0.7 சதவீதம் குறைத்து 5 ஆண்டு. இந்த எண்ணில் நேர்மையான நிறுவனம் தைரியமாகக் கையெழுத்துப் போடும்.

ஆனாலும் பி.ஆர். வரியை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். இயக்கிவைக்கும் நாள் சோதனையாக அது ஒரு தடவையாவது நடந்தால், தப்பான கேபிள், தப்பான இணைப்பு எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆண்டு யூனிட் வைத்துத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இதில் வரிக்குவரிக்கும் எனக்கும் ஒத்துவராது போல.

---

வரிக்குவரி

சோதனை நடந்தால் நல்லதுதான். நடக்காத சோதனையை ஒப்பந்தத்தில் வைத்திருந்தால், "சோதனை நடந்தது, திருப்தி" என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிப் போவார்கள். அந்தப் பயம்தான்.

---

ஆடிக்காற்று

திறன் உத்தரவாதம் என்றால் கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் வீடு ஓடும் என்பதுதானே? அதை யாருமே சொல்லவில்லையே. பேட்டரி எத்தனை?

---

கூரைவேலை

இது பேட்டரி இல்லாத அமைப்பு அண்ணே. கரண்ட் போனா இன்வெர்ட்டரும் நின்னுடும், லைன்ல வேலை பார்க்கிறவர் மேல கரண்ட் பாயக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கு. அதனாலதான் கரண்ட் இல்லாத நேரத்தை உத்தரவாதத்துல கழிக்கணும்னு வரிக்குவரி மேடம் எழுதினாங்க.

---

முன்னாள்_லைன்மேன்

கழிப்பது பற்றி ஒன்று சொல்லணும். "மின்வாரியக் கோளாறு" என்று பொதுவாக எழுதிக் கழிக்க விட்டால் மொத்தமும் ஓட்டை. கரண்ட் இல்லாதது வேறு, கரண்ட் இருந்தும் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் தானாக நிற்பது வேறு. இரண்டாவது பல நேரம் நிறுவனத்தின் தப்பு.

எப்படி என்றால், இன்வெர்ட்டர் வெளியே தள்ளும்போது தன் முனையில் வோல்டேஜ் மீட்டரில் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தே ஆகணும். எவ்வளவு கூடுதல் என்பது கேபிளைப் பொறுத்தது. மாடியில் இன்வெர்ட்டர், கீழே மீட்டர், நடுவில் 30 மீட்டர் என்று வையுங்கள். போக வர 60 மீட்டர். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் சுமார் 5.8 வோல்ட் ஏறும், 4 சதுர மில்லிமீட்டரில் 3.6, 6ல் இன்னும் குறையும். லைனில் ஏற்கெனவே 248 இருக்கிற தெருவில் 2.5 கம்பி போட்டால் இன்வெர்ட்டர் 254 பார்த்துவிட்டு நின்றுவிடும். பல இன்வெர்ட்டரில் எல்லை 253 பக்கம். 11 மணிக்கு நிற்கும், 5 நிமிடம் கழித்து எழும், மறுபடி நிற்கும். ஆப்பில் பார்த்தால் மலை மாதிரி வரவேண்டிய கோடு நடுப்பகலில் சீப்புப் பல் மாதிரி இருக்கும்.

ஆகவே ஏ.சி. கேபிள் அளவு, எத்தனை மீட்டர், செம்பா அலுமினியமா என்று ஒப்பந்தத்தில் வரணும். கழிப்பது என்றால் "மீட்டர் முனையில் அளந்த வோல்டேஜ் எல்லை தாண்டிய நேரம்" என்று எழுதுங்கள். இன்வெர்ட்டர் முனை என்று எழுதினால் அவர்கள் போட்ட மெல்லிய கம்பிக்கு நீங்கள் தண்டம் கட்டுவீர்கள்.

---

தென்வாசல்

ஐயா, இது யாரும் சொல்லாதது. கொட்டேஷனில் "தேவையான கேபிள்" என்று மட்டும்தான் இருக்கிறது. இன்வெர்ட்டரை மாடியில் வைப்பதாகச் சொன்னார்கள்.

---

முன்னாள்_லைன்மேன்

மீட்டருக்குப் பக்கம் கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கம்மா. டி.சி. பக்கம் 6 பேனல் வரிசையாக 250 வோல்ட்டுக்கு மேல், வோல்டேஜ் ஏறுகிற தொல்லை அங்கே இல்லை. மாடியில்தான் என்றால் மேலே கூரை வேண்டும், வெயில் நேராகப் படக்கூடாது.

எர்த்திங்கும் எழுதச் சொல்லுங்கள். டி.சி.க்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று, மூன்றும் தனித்தனிக் குழி. முடித்த அன்று அளந்து ஓம் மதிப்பை எழுதித் தரணும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற எர்த்தில் மூன்றையும் கட்டிவிட்டுப் போவது வழக்கம்.

---

பகல்மின்

இப்போது 25 வருடத்துக்கு வருகிறேன்.

பேனலுக்கு இரண்டு வாரண்டி. பொருள் வாரண்டி, பெரும்பாலும் 10 அல்லது 12 வருடம்: கண்ணாடி தானாக விரிசல், பின்தாள் வெடிப்பு, இணைப்புப் பெட்டி உருகல் போன்றவை. இன்னொன்று சக்தி வாரண்டி, 25 அல்லது 30 வருடம்: வாட் இவ்வளவுக்குக் கீழே போகாது என்பது. சாதாரண மோனோ பேனலில் முதல் ஆண்டு 2 சதவீதம், பிறகு ஆண்டுக்கு 0.55 என்றால் 25ஆம் ஆண்டில் 84.8 சதவீதம் நிற்கும். அந்த இரண்டு எண்ணும் தயாரிப்பாளரின் வாரண்டித் தாளில் இருக்கும். தாளையே ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

"25 வருட வாரண்டி" என்று எழுதித் தரும் நிறுவனம் தானே அதைத் தருவதாக நினைக்க வேண்டாம். அது தயாரிப்பாளருடையது. திட்டப்படி நிறுவனத்தின் பொறுப்பு 5 வருடம். ஆறாவது வருடம் நிறுவனம் ஃபோன் எடுக்காவிட்டாலும் நீங்கள் தயாரிப்பாளரிடம் போக முடிய வேண்டும். அதற்கு உங்கள் பெயரில் பில், அதில் ஒவ்வொரு பேனலின் சீரியல் நம்பர் வேண்டும்.

சக்தி வாரண்டியைக் கேட்டு வாங்குவது கஷ்டம், அதை மறைக்கக் கூடாது. தயாரிப்பாளர் ஆய்வக நிலையில் அளந்த வாட்டைத்தான் ஏற்பார், அளவுப் பிழை என்று ஓரிரண்டு சதவீதத்தைத் தள்ளியும் வைப்பார். ஆப்பில் 5 சதவீதம் குறைந்ததைக் காட்டி எதுவும் நடக்காது. ஆனால் பொருள் கோளாறு மாடியிலேயே பிடிபடும். உதாரணமாக, ஒரு 545 வாட் பேனல் தனியாக வெயிலில் 45 முதல் 49 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஐந்து பேனல் 46 காட்டி ஒன்று மட்டும் 31 காட்டினால், மூன்றில் ஒரு பகுதி போய்விட்டது. பெரும்பாலும் பைபாஸ் டையோடு ஷார்ட். இது பொருள் வாரண்டி, வாதம் தேவையில்லை. இதை ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டும்: இன்வெர்ட்டரை நிறுத்தி, டி.சி. ஸ்விட்சை அணைத்த பிறகே கனெக்டரைக் கழற்றலாம். ஓடும்போது கழற்றினால் தீப்பொறி நீண்டு கையைச் சுட்டுவிடும்.

---

கூரைவேலை

சீரியல் நம்பர் விஷயத்தில் ஒரு நடைமுறை. ஸ்டிக்கர் பேனல் பின்னாடிதான். ஸ்ட்ரக்சர்ல ஏத்தி முறுக்கிட்டா தாழ்வான ஸ்ட்ரக்சர்ல கழுத்தை நுழைச்சாலும் படிக்க முடியாது. கீழே இறக்கின அன்னைக்கே ஆறையும் ஃபோட்டோ எடுத்துக்கோங்க. மானிய விண்ணப்பத்துல ஏத்தற நம்பர், பில்லுல இருக்கிற நம்பர், டி.சி.ஆர். சான்றுல இருக்கிற நம்பர் மூணும் ஒண்ணா இருக்கணும். டி.சி.ஆர்.னா செல்லும் பேனலும் நம்ம நாட்டுல செஞ்சது. அது இல்லாட்டி மானியம் கிடையாது. பேனல் இங்கே ஒட்டினது, செல் வெளியில இருந்து வந்ததுன்னா அது டி.சி.ஆர். ஆகாது. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

---

வரிக்குவரி

அப்படியானால் டி.சி.ஆர். சான்று இல்லாததால் மானியம் மறுக்கப்பட்டால் அந்தத் தொகையை நிறுவனம் தரும் என்று எழுதலாம், அது முழுக்க அவர்கள் கையில் இருப்பது. வாரண்டிக்கு இன்னும் இரண்டு வரி: மாற்றுப் பேனலை இறக்கி ஏற்றும் கூலி, போக்குவரத்து யாருடையது? தயாரிப்பாளர் வாரண்டி பொதுவாகப் பேனலை மட்டுமே தரும். 5 வருடம் வரை நிறுவனம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உங்களுடையதுதான், வாதாட வேண்டாம். மாடலே நின்றுபோயிருந்தால், வாட்டும் மின்னோட்டமும் பழையதற்குக் குறையாத பேனல். வரிசையில் ஒன்று மின்னோட்டம் குறைந்தால் மற்ற ஐந்தையும் அது இழுக்கும் என்று பகல்மின் முன்பு வேறு இழையில் விளக்கியிருக்கிறார்.

---

தென்வாசல்

மானியம் பற்றி: "நாங்களே மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கிக்கொள்கிறோம், ஓ.டி.பி. வந்தால் சொல்லுங்கள் போதும்" என்கிறார்கள். சௌகரியம்தானே? இன்னொன்று, மின் இணைப்பு காலமான மாமனார் பெயரில் இருக்கிறது.

---

பகல்மின்

முதலில் இரண்டாவது. பெயர் மாற்றம் முடியும் வரை எதையும் ஆரம்பிக்காதீர்கள். பில்லில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் பொருந்தாமல் கடைசிக் கட்டத்தில் நின்றுபோகும் கோப்புகளே அதிகம். பேனல் மாடியில் ஏறிய பிறகு பெயர் மாற்றப் போனால் எல்லாம் தலைகீழ். பதிவு செய்தாயிற்று என்றீர்கள். யார் பெயரில் என்று பாருங்கள்.

கழித்துக்கொள்வது: திட்டத்தில் மானியம் நுகர்வோர் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது, நிறுவனத்துக்கு அல்ல. அவர்கள் கழித்துக்கொண்டால், பிறகு உங்கள் கணக்குக்கு வந்த பணத்தை எடுத்துத் தரும்படி பின்தேதியிட்ட காசோலை கேட்பார்கள். மானியம் வராவிட்டால் அந்தக் காசோலையை என்ன செய்வார்கள் என்று ஒப்பந்தத்தில் இருக்காது. ஒப்பந்தத்தில் முழு விலை இருக்கட்டும், மானியம் தனி. ஓ.டி.பி.யை நீங்களே போடுங்கள். விண்ணப்பம் உங்கள் கைபேசி எண்ணில் இருந்தால்தான் எந்தப் படியில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும்: விண்ணப்ப ஏற்பு, நிறுவல் விவரம், நெட் மீட்டர், ஆய்வு, பிறகு வங்கி விவரம் கொடுத்து மானியக் கோரிக்கை.

"பெற்றுத் தரப்படும்" என்பதை அவர்கள் செய்யும் வேலைகளாக உடைத்து எழுதுங்கள். நிறுவிய 7 நாளில் சீரியல் நம்பர், படங்கள், சான்றுகள் ஏற்றுவது அவர்கள் வேலை. ஆய்வில் குறை சொன்னால் 10 நாளில் சரிசெய்வது அவர்கள் வேலை. பெயர், வங்கிக் கணக்கு, மின்கட்டண பாக்கி உங்கள் வேலை.

---

ஐந்தாம்வேலி

அப்ப கடைசி 10 சதவீதத்தை மானியம் கணக்கில் விழுந்த பிறகுதான் கொடுப்பேன்னு எழுதிடுங்க. முடிஞ்சது.

---

கூரைவேலை

அதை ஒத்துக்க மாட்டேன் சார். உங்க வங்கிக் கணக்குல பெயர் எழுத்து தப்புன்னா என் பணம் எட்டு மாசம் நிக்கணுமா? ஆய்வு முடிஞ்சு திட்ட இணையதளத்தில் ஒப்புதல் ஏறின அன்னைக்குக் கொடுங்க, அது நியாயம். அது வரைக்கும் வேலை என்னோடது.

---

வரிக்குவரி

நான் 20 சதவீதம் முன்பணம், பொருள் இறங்கி சீரியல் நம்பர் சரிபார்த்த பிறகு 60, நெட் மீட்டர் இணைத்த அன்று 10, ஆய்வு ஒப்புதலில் 10 என்று எழுதுவேன். மானியம் விழும் வரை நிறுத்தி வைக்கும் வரியை ஏற்ற நிறுவனங்களும் உண்டு, விலையில் அதைக் கூட்டி வைத்துவிடுவார்கள். எது லாபம் என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

---

பகல்மின்

கடைசி வரி, "இலவச சர்வீஸ்". இதில் துடைப்பும் பழுதும் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன, பிரியுங்கள். துடைப்பை வீட்டுக்காரர் ஏற்பது நல்லது: 15 நாளுக்கு ஒரு முறை, காலை வெயில் ஏறும் முன், நீளக் கைப்பிடித் துணியால். கொதிக்கும் கண்ணாடியில் நடுப்பகலில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. உப்பு நீரில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் படிவு ஏறும், பிறகு அது துணிக்கு வராது. பேனல் மேல் ஏறி நிற்பதை இரண்டு பக்கத்துக்கும் தடை செய்து எழுதுங்கள். கண்ணாடி உடையாது, உள்ளே செல்லில் மயிரிழை விரிசல் விழும், வாரண்டியும் போகும்.

பழுதுப் பக்கம் நிறுவனம்: ஆண்டுக்கு 2 முறை வந்து போல்ட் இறுக்கம், கனெக்டர் சூடு, எர்த் ஓம், இன்வெர்ட்டர் பிழைப் பதிவு பார்த்துக் கையெழுத்திட்ட தாள் தர வேண்டும். உற்பத்தி முழுவதும் நின்றால் 3 வேலை நாளில் வர வேண்டும், 15 நாளில் ஓட வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 12 யூனிட் இழப்பீட்டில் சேரும். இன்வெர்ட்டரை வாரண்டிக்கு அனுப்பினால் ஒரு மாதம்கூட ஆகும். அந்த இடைவெளிக்கு மாற்று இன்வெர்ட்டர் தருவார்களா என்று இப்போதே கேளுங்கள்.

---

கூரைவேலை

மாற்று இன்வெர்ட்டர் சின்ன நிறுவனத்துக்குக் கஷ்டம். 15 நாள்ங்கறதை 21 ஆக்கினா பெரும்பாலானவங்க ஒத்துக்குவாங்க. கனெக்டர் சூடுன்னு சொன்னதுல ஒண்ணு: பேனல்ல வர்ற கனெக்டர் ஒரு தயாரிப்பு, நாங்க கேபிள்ல போடறது வேற தயாரிப்புன்னா ரெண்டும் பூட்டிக்கும், ஆனா உள்ளே தொடுகை சரியா இருக்காது. ரெண்டு மூணு வெயில் காலத்துல உருகும். "ஒரே தயாரிப்பு கனெக்டர்"னு ஒரு வரி சேர்த்துக்கோங்க.

---

புதுமாடி

எங்கள் மாடியில் ஸ்ட்ரக்சர் கால் துளைத்த இடத்தில் மழைக்கு ஒழுகுகிறது. அதற்கு வாரண்டி உண்டா?

---

வரிக்குவரி

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். எழுதவில்லை என்றால் "ஒழுகல் முன்பே இருந்தது" என்பார்கள். தென்வாசல், வேலை தொடங்கும் முன் மாடியின் மேல்தளம், கீழே அறையின் உட்கூரை இரண்டையும் தேதியோடு படம் எடுத்து இணைப்பாகச் சேருங்கள். துளைத்த இடங்களில் 5 வருடம் நீர்க்கசிவுப் பொறுப்பு அவர்களுடையது என்று எழுதுங்கள். துளைக்காமல் கான்கிரீட் கட்டை மேல் நிறுத்தவும் முடியும், ஆனால் காற்றுக்குப் போதுமான எடையா என்று கணக்குக் காட்ட வேண்டும்.

---

தென்வாசல்

நிறுவனத்திடம் பேசினேன். மாதிரி ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள், மாடல் பெயர்களும் கேபிள் அளவும் இணைப்பில் வரும். இன்வெர்ட்டர் மீட்டர் பக்கம் கீழே வருகிறது. ஆண்டு 4,300 யூனிட்டுக்குப் பதில் 4,000 எழுதுகிறோம் என்கிறார்கள், இழப்பீடு வரிக்கு இன்னும் பதில் இல்லை. பெயர் மாற்ற விண்ணப்பம் இன்று கொடுத்தாயிற்று. 4,000ஐ ஏற்கலாமா?

---

பகல்மின்

4,000 என்றால் கிலோவாட்டுக்கு 1,223. மேற்கே தண்ணீர்த் தொட்டி நிழல், வடக்குச் சாய்வு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் 4,000 நேர்மையான எண். இல்லை என்றால் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளும் இடைவெளி கொஞ்சம் அதிகம். எதற்கும் நிழல் கணக்கின் தாளைக் கேட்டு இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

---

வரிக்குவரி

இழப்பீட்டு வரியோடு 4,000, அது இல்லாமல் 4,300, இரண்டில் ஒன்றைத்தான் தருவோம் என்றால் முதலாவதை எடுங்கள்.